முழுப்புள்ளி வாங்கிய வீடு

பலெர்மோவில் நான் பார்த்த முதல் வேலை ஒரு சாவோடு முடிந்தது. படுக்கையில் கிடந்த ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர் ஒருவரைப் பராமரித்து வந்தேன். மழைக்காலம் முடிகிற நேரம் அவர் கண்ணை மூடினார். செத்தவீடு முடிந்த கையோடு பிள்ளைகள் என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். அழுதுகொண்டே வாங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

என்னுடைய பெர்மேசோ, அதாவது இத்தாலியில் இருப்பதற்கான அனுமதி, அந்த வருடக் கடைசியில் முடிய இருந்தது. புதுப்பிப்பதென்றால் யாராவது ஒரு முதலாளி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஆகவே வேலை தேடினேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மன்னாரில் நான் கணிதம் படிப்பித்தவள். இங்கே அதைச் சொல்லித் திரிவதில்லை. தெரிந்தவர்கள் மட்டும் என்னை ரீச்சர் என்பார்கள்.

அல்பெர்கேரியாவில், பல்லரோ சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தொன்றில், ஓர் அக்காவோடு ஒரே அறையில் இருந்தேன். யாழ்ப்பாணத் தீவுப்பகுதிக்காரி, என்னிலும் பத்து வயது மூத்தவர். கணவரும் பிள்ளைகளும் வவுனியாவில். அக்கா நல்லாகச் சிரிப்பார், நல்லாகச் சமைப்பார். ஆனால் அந்த வருடம் அவரில் ஒரு மாற்றம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னர், வாசகம் வாசிக்க வரும்படி ஃபாதர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அக்கா அசையவில்லை. ஃபாதர் மறுபடியும் கூப்பிட்டார். நான் முழங்கையால் தட்டிய பிறகுதான், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோலச் சுற்றிப் பார்த்துவிட்டு எழும்பிப் போனார். காது மந்தமாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

எனக்கு மூன்று வேலைகள் கிடைக்கக்கூடியதாக இருந்தன. ஒன்று, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் துவைத்து இஸ்திரி போடுவது. இரண்டாவது, பிரான்காச்சோவில் ஒரு தையல் பட்டறை. மூன்றாவதை அக்காதான் கொண்டுவந்தார்.

"நான் செய்யிற வீடுதான் ரீச்சர். ஒரேத்தோவிலை. ஒரு வயசுபோன சின்யோராவும் அவவின்ரை தம்பியும். எனக்கு நாரி நோவு, இனிப் பாரம் தூக்கேலாது. நீர் போனீரெண்டால் எனக்கும் ஒரு நிம்மதி."

சம்பளத்தைச் சொன்னார். மற்ற இரண்டையும் விட நல்ல வித்தியாசம்.

கோவில் மண்டபத்தில் கேட்டவர்கள் எல்லாரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: காசு கூடினதை எடு. எனக்கு அப்படி முடிவெடுக்க வராது. ஒன்றை எடுக்க நினைத்தால் மற்றதின் நல்லது கண்ணுக்கு முன் வந்து நிற்கும். கடைசியில், எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். பரீட்சைத்தாள் திருத்துவதற்கு முன்னர் புள்ளித்திட்டம் போடுவோம் அல்லவா? அதுபோல வேலைகளுக்கும் ஒன்று போட்டேன்.

தாளைத் திருத்தத் தொடங்கிய பிறகு புள்ளித்திட்டத்தை மாற்றக் கூடாது. பிடித்த பிள்ளையின் விடைக்கேற்ப மனம் வளைந்துவிடும். அதனால் எந்த வேலைக்கும் புள்ளி போடாமல், முதலில் எனக்கு எது எவ்வளவு முக்கியம் என்று மட்டும் பார்த்தேன். சம்பளம், தொழில் பழகக் கிடைப்பது, இடம், ஞாயிற்றுக்கிழமை லீவு. நூறு புள்ளியை இந்த நான்குக்கும் நிறையாகப் பிரிக்க வேண்டும். சும்மா யோசித்தால் எல்லாமே முக்கியமாகத்தான் தெரியும். இரண்டிரண்டாக எடுத்து என்னையே கேட்டேன். ஒரு தொழில் பழகக் கிடைக்குமென்றால் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதிப்பேனா? பக்கத்து வேலைக்காகப் பூசையை விடுவேனா? இப்படிக் கேட்டுக் கேட்டுச் சம்பளத்துக்கு நாற்பது, பழகுவதற்கு இருபத்தைந்து, இடத்துக்கு இருபது, ஞாயிறுக்குப் பதினைந்து என்று வந்தது. பஸ் காசை எங்கே சேர்ப்பது என்பதில் கொஞ்சம் தடுமாறினேன். சம்பளத்திலும் கழித்து இடத்திலும் குறைத்தால் ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை. இடத்தில் மட்டும் சேர்த்தேன்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஐந்து என்றால் என்ன, மூன்று என்றால் என்ன, ஒன்று என்றால் என்ன என்று எழுதிவைத்தேன். இல்லாவிட்டால் காலையில் ஒரு மூன்றும் மாலையில் வேறொரு மூன்றும் வந்துவிடும். இடத்துக்கு ஐந்தென்றால் பஸ்ஸே வேண்டாம். ஒன்றென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். பழகுவதற்கு ஐந்து என்பதற்கு எதிரே இப்படி எழுதினேன்: 'ஒரு வருடம் கழித்து வேறு கதவைத் தட்டும்போது கையில் கொண்டுபோகக்கூடிய ஒன்று.' எழுதிவிட்டு அந்த வசனத்தை நானே இரண்டு தரம் வாசித்தேன். பிடித்திருந்தது.

ஒப்பந்தத்துக்கு மட்டும் புள்ளி போடவில்லை. அது வாசற்கதவு. கையெழுத்திடுவார்களா, இல்லையா? இல்லை என்றால் மற்ற எதையும் பார்க்கத் தேவையில்லை. எவ்வளவு சம்பளமும் அதை ஈடு செய்யாது.

முக்கியமான தாள்களுக்கு இரண்டாவது திருத்துநர் ஒருவர் இருப்பார். அக்காவைக் கேட்டேன். சந்தோசமாக வந்து உட்கார்ந்தார். ஐந்துக்கும் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"நல்ல வேலை ரீச்சர் இது. ஒரு மனுசருக்கு என்ன வேணுமெண்டு வடிவாத் தெரியுது" என்றார்.

அடுத்த கிழமை அந்த வீட்டைப் பார்க்கப் போனேன். ஒரேத்தோவுக்கு ஒரு பஸ். காலில் பலமிருந்தால் நடந்தும் போகலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் முழுத் தெருவும் யன்னற் கதவுகளைச் சாத்திவிட்டு உறங்கும். மூன்றாம் மாடிக் கதவை நான் தட்டவில்லை. கையை உயர்த்தியபோதே திறந்துவிட்டது.

தம்பியார் எழுபது தாண்டியவர், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தாராம். சின்யோரா, அந்த வீட்டுக்கார அம்மா, இருட்டான பெரிய அறையில் நாற்காலியில் இருந்தார். தளர்ந்தவர்தான், ஆனால் படுக்கையில் விழுந்தவர் அல்ல. அக்கா தூக்கியதாகச் சொன்ன பாரம் எதுவென்று எனக்கு விளங்கவில்லை.

நான் என்னென்ன வேலை செய்வேன் என்று அவர்கள் கேட்கவில்லை. சின்யோரா என்னை யன்னல்வரை நடந்துபோய்த் திரும்பி வரச் சொன்னார். நடந்தேன். கொண்டையை அவிழ்க்கச் சொன்னார். வேலைக்காரியின் தலை சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கும் வீடுகளும் உண்டு, அதனால் அவிழ்த்தேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒரு பெண்பிள்ளையின் பெயரைச் சொல்லி, "வா, இப்படி வந்து இரு" என்றார்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"உன்னைத்தான்" என்றார் தம்பியார். குரல் மிக மென்மையாக இருந்தது. "வயதாகிவிட்டது. உனக்கு ஒன்றும் குறைந்துவிடாது."

மேசையில் மூன்று பேருக்குக் கோப்பி வைத்திருந்தார்கள். நான் என்னுடையதைக் குடித்தேன். நான் எப்போதும் போடும் அளவு சீனி அதில் ஏற்கெனவே கலந்திருந்தது.

வீட்டுக்கு வந்து புள்ளி போட்டேன். தையல் பட்டறையையும் ஹோட்டலையும் முன்பே பார்த்திருந்தேன்; மூன்று இடத்திலும் ஒப்பந்தத்துக்குச் சம்மதம் சொல்லியிருந்தார்கள். அக்கா ஒரு பக்கத்தில், நான் ஒரு பக்கத்தில், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல். ஒரேத்தோ வீட்டுக்குச் சம்பளம் ஐந்து, பழகுவது இரண்டு, இடம் நான்கு, ஞாயிறு ஐந்து. நிறையோடு பெருக்கிக் கூட்டினால் ஐந்நூறுக்கு நானூற்றைந்து. பட்டறைக்குச் சம்பளம் மூன்று, பழகுவது ஐந்து, பஸ் எப்போதாவதுதான் வரும் என்பதால் இடம் இரண்டு, ஞாயிறு ஐந்து. முந்நூற்றறுபது. ஹோட்டல் கிட்டத்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமையே இல்லை. அது முந்நூறைத் தொடவில்லை. அக்காவின் புள்ளிகளும் ஏறக்குறைய இவைதான். ஒரேத்தோ வீட்டுக்கு மட்டும் எல்லாவற்றிலும் கொஞ்சம் தாராளம்.

ஆனால் நிறைகளை அசைத்துப் பார்க்காமல் எந்தக் கூட்டுத்தொகையையும் நம்பக் கூடாது. சம்பளத்திலிருந்து பத்தை எடுத்துப் பழகுவதற்குக் கொடுத்தேன். வீடு முந்நூற்று எழுபத்தைந்து, பட்டறை முந்நூற்று எண்பது. பட்டறை மேலே வந்துவிட்டது. அப்படியென்றால் வீட்டின் வெற்றி அவ்வளவு உறுதியானதல்ல. பழகுவதை நான் எவ்வளவு மதிக்கிறேன் என்பதில்தான் எல்லாம் தங்கியிருந்தது.

"அப்ப, வீடு புள்ளி விட்டது பழகிறதிலைதான், என்ன?" என்றார் அக்கா.

"ஓம் அக்கா. இடத்திலையும் ஒண்டு."

அக்கா தலையாட்டினார்.

இரண்டு நாட்களில், சந்தியில் இருந்த கடைக்கு ஒரேத்தோ வீட்டிலிருந்து தொலைபேசியில் செய்தி வந்தது. இன்னொரு தரம் வந்துபோகும்படி. போனேன். இந்தத் தடவையும் தட்டுமுன்னரே கதவு திறந்தது. தம்பியார் என்னை உட்காரவைத்து, நான் வேலைக்கு வந்தால் ஒவ்வொரு பின்னேரமும் இத்தாலியன் எழுதப் படிக்கச் சொல்லித் தருவதாகவும், பரீட்சை எழுதிச் சான்றிதழும் எடுக்கலாம் என்றும் சொன்னார்.

"ஒரு வருடம் கழித்து நீ வேறு கதவைத் தட்டும்போது கையில் கொண்டுபோக ஒன்று இருக்கும்" என்றார்.

அந்த நேரம் எனக்குச் சந்தோசம்தான் வந்தது. என் மனதில் இருந்ததை அப்படியே சொல்கிறாரே என்று நினைத்தேன். கழுத்தில் மட்டும் ஏதோ குளிர்ந்தது. காற்றென்று விட்டுவிட்டேன். யன்னல்கள் எல்லாம் சாத்தியே இருந்தன.

பிறகு எழுந்து நடைபாதையின் கடைசி அறையைத் திறந்து காட்டினார். "உனக்கு விருப்பமென்றால் இங்கேயே தங்கலாம். பஸ்ஸே வேண்டாம்."

ஒரு இளம்பெண்ணின் அறை. கட்டிலில் புதிதாக மாற்றிய விரிப்பு. சுவர் ஆணியில் பச்சை நிற மேலங்கி. கண்ணாடிக்கு முன்னால் ஒரு சீப்பு. அதில் நீண்ட கறுத்த முடிகள் சிக்கியிருந்தன. நரையும் ஒன்றிரண்டு இருந்தது. சின்யோராவின் மகளுடைய அறை அது, அந்தப் பிள்ளை இருபது வயதில் செத்துப்போனாள் என்று தம்பியார் சொன்னார், எப்போதோ பெய்த மழையைப் பற்றிச் சொல்வதுபோல. சின்யோரா சத்தமில்லாமல் என் பின்னால் வந்து அந்த மேலங்கியை எடுத்து என் தோளில் வைத்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. கழுத்துப் பக்கம் தேங்காயெண்ணெய் மணந்தது. பலெர்மோவில் எந்த வீட்டு அலுமாரியிலும் நான் மணக்காத மணம்.

திரும்பும்போது நடந்தேன். ஆப்பிரிக்காப் பக்கமிருந்து வெக்கைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வானம் மஞ்சள், வாயெல்லாம் புழுதி. நடக்க நடக்கத் தலைக்குள் கணக்கு ஓடியது. பழகுவது இரண்டிலிருந்து ஐந்து. இடம் நான்கிலிருந்து ஐந்து. ஐந்நூறுக்கு ஐந்நூறு.

அப்போதுதான் நின்றேன். வருடக்கணக்காகத் தாள் திருத்தியிருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளையும் எங்காவது ஒரு புள்ளி விடும். முழுப்புள்ளி வந்தால் சந்தோசப்படலாம். ஆனால் விடைத்தாளில் நீங்கள் புள்ளித்திட்டத்தில் எழுதிய வசனமே சொல்லுக்குச் சொல் வந்தால், அந்தப் பிள்ளை விடையைக் கண்டுபிடிக்கவில்லை, புள்ளித்திட்டத்தைப் பார்த்திருக்கிறது.

வேறு கதவைத் தட்டும்போது கையில் கொண்டுபோக. பஸ்ஸே வேண்டாம். அந்தத் தாளை என்னைத் தவிர ஒருவர்தான் பார்த்திருந்தார்.

அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் சத்தம் போடவில்லை.

"அக்கா, அவையளுக்கு என்ரை புள்ளித்திட்டத்தைச் சொன்னீங்களோ?"

கத்தி நின்றது. "ஓம்."

"ஏன்?"

"அந்தத் தம்பியார்தான் கேட்டவர். அவளுக்கு என்ன வேணும், எதிலை குறை எண்டு. எனக்கும் முதல் அப்பிடித்தான் ரீச்சர். பிள்ளையளின்ரை படிப்புக்குக் காசு வேணுமெண்டு நான் ஆருக்கோ சொன்னது அந்தாளின்ரை காதிலை விழுந்து, அதைத்தான் முதல் தந்தவர்." அக்கா கண்ணைத் துடைத்தார், வெங்காயத்தாலா என்று தெரியவில்லை. "இன்னொரு ஆளைக் கொண்டுவந்தால்தான் என்ரை ஒப்பந்தத்திலை கையெழுத்து வைப்பினமாம். பெர்மேசோ முடியப் போகுது."

"நாரி நோவெண்டு சொன்னது?"

"நாரியிலை ஒண்டுமில்லை."

"அந்த வீட்டிலை என்ன வேலை அக்கா?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அவளாய் இருக்கிறது. முதல் அந்தப் பேரிலை கூப்பிடுவா, சரி எண்டு விட்டன். பிறகு அவளின்ரை கதிரையிலை இருந்து சாப்பிடச் சொன்னா. அந்தக் கோட்டைப் போடச் சொன்னா. மத்தியானம் அந்தக் கட்டில்லை படுக்க வேணும், அவ பக்கத்திலை இருந்து சீப்பாலை தலை இழுத்துவிடுவா. அடிக்கிறதில்லை, ஏசுறதில்லை. அவ்வளவு அன்பு ரீச்சர். என்ரை தாய் கூட எனக்கு அப்பிடித் தலை இழுத்ததில்லை. ஒரு நாள் சந்தையிலை ஆரோ அந்தப் பேரைக் கூப்பிட்டினம், நான் திரும்பிப் பாத்தன். பிறகு கோயில்லை ஃபாதர் என்ரை பேரைக் கூப்பிடேக்கை..."

எனக்குக் கோபம் வர வேண்டும். வந்ததும்தான். ஆனால் அதைவிட அவருடைய தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவகிடு எடுத்து, காதுக்கு மேலே இரண்டு கொண்டை ஊசி குத்தி, பழைய காலத்து இத்தாலியப் பெண்களைப்போல வாரியிருந்தார். எத்தனை மாதமாக அப்படி வாருகிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். புள்ளிகளில் பிழை இல்லை. அந்த வீடு சொன்னதை எல்லாம் தந்திருக்கும் என்றே இன்றைக்கும் நம்புகிறேன். நான் கேட்காத கேள்விக்குத்தான் பதில் இல்லாமல் இருந்தது. அதை ஐந்தாவது அம்சமாகச் சேர்த்து இருபது நிறை கொடுத்தால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தேன். மற்றதெல்லாம் முழுப்புள்ளியாக இருந்தால், இதில் ஆகக்குறைந்த புள்ளி வாங்கினாலும் வீடுதான் முதலில் நிற்கும். அதுதான் கூட்டலின் குணம். ஒன்றில் இல்லாததை இன்னொன்றால் நிரப்பிவிடும். ஆகவே அது கூட்டலுக்குள் வரக் கூடாது. ஒப்பந்தத்துக்குப் பக்கத்தில், வாசற்கதவாக எழுதினேன்: என்னை நானாக இருக்க விடுவார்களா?

வேலை வேண்டாமென்று கடைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். அக்கா சொன்னதை மட்டும் வைத்து முடிவெடுக்க மனம் வரவில்லை. நேரே போனேன். தம்பியாரிடம், சின்யோரா என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடுவாரா என்று கேட்டேன்.

"அவளுக்குப் புதிய பெயர்கள் மனதில் நிற்காது" என்றார்.

"நீங்கள்?"

அவர் சிரித்தார்.

"மூன்றாம் தரம் வந்திருக்கிறேன். என் பெயரை நீங்கள் ஒருதரமும் கேட்கவில்லை" என்றேன்.

"தேவைப்படவில்லையே" என்றார், உண்மையிலேயே ஆச்சரியப்பட்டவராக. பிறகு கொஞ்சம் முன்னால் குனிந்து, "வேறென்ன குறை? சொல், செய்யலாம்" என்றார்.

உள்ளே இருந்து சின்யோரா அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என் தலை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன், வேறொன்றுமில்லை என்று படியிறங்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரு முனையைத் தாண்டும்வரை ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

தையல் பட்டறைக்குப் போனேன். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் ஒப்பந்தம் என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார். அந்த மாதம் இரவுகளில் நாட்களை எண்ணிக்கொண்டு கிடந்தேன். புள்ளித்திட்டம் நல்ல வேலையைத் தேர்ந்து தரும், நல்ல தூக்கத்தைத் தராது. ஆனால் அவர் சொன்னபடி கையெழுத்திட்டார். திரைச்சீலை வெட்டப் பழகினேன். பஸ் உண்மையிலேயே மோசம். இடத்துக்கு நான் போட்ட இரண்டு, ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

அக்கா அந்த வீட்டுக்கே திரும்பிப் போனார். நான் தடுத்துப் பார்த்தேன்.

"எனக்கு ஒரு கேள்விதான் ரீச்சர், பெர்மேசோப் பேப்பர். உமக்கு இருக்கிற மாதிரி நாலு இல்லை" என்றார்.

ஆள் கொண்டுவராமலே அவர்கள் கையெழுத்திட்டார்கள். அவர் தங்கியிருக்கச் சம்மதித்ததால் அது போதுமாக இருந்தது. புதிய பெர்மேசோவைக் கேட்டு அவர் குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் அலுவலகத்தில், வரிசையில் நின்றபோது நானும் கூட நின்றேன். உள்ளே இருந்து பெயர் கூப்பிடும்போது அவர் தவறவிட்டுவிடுவாரோ என்ற பயத்தில்தான். நல்லவேளை, கூப்பிட்டதும் போனார். அது கைக்கு வந்த அடுத்த மாதமே வடக்கே, அவருடைய ஒன்றுவிட்ட தம்பி இருந்த ஊருக்குப் போய்விட்டார். போகுமுன்னர் சந்தையில் இருந்த ஒரு சலூனில் தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டார். அவருக்கு அது வடிவாகவும் இருந்தது. பிள்ளைகள் பிறகு அங்கே வந்து சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன்.

என் புள்ளித்திட்டம் எப்படியோ வெளியே தெரிந்து, பூசை முடிந்ததும் மண்டபத்தில் சிலர் வரத் தொடங்கினார்கள். "ரீச்சர், எனக்கும் ஒண்டு போட்டுத் தாங்கோ" என்பார்கள். மொரீசியசுக்காரப் பெண்கள் வந்தால் இத்தாலியனில் கதைப்போம். தமிழ் அவர்களுடைய தாத்தாக்களோடு போய்விட்டது. யாருடைய நிறையையும் நான் தீர்மானிக்க மாட்டேன். ஒருவருக்கு ஞாயிறு ஐம்பது, இன்னொருவருக்குப் பூச்சியம். கேட்க மட்டும் செய்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்படி ஒரு மொரீசியசுப் பிள்ளை, நீளக் கறுத்த கூந்தல்காரி, தனக்கு என்னென்ன வேண்டும் என்று எனக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தற்செயலாக நிமிர்ந்தேன். அறிவித்தல் பலகைக்குப் பக்கத்தில், கழுத்துப்பட்டி கட்டி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தம்பியார் நின்றார். பலகையைப் பார்க்கவில்லை. தலையைச் சற்றுச் சரித்து, வகுப்பில் பாடம் கேட்கும் நல்ல மாணவனைப்போலக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மரியாதையாகத் தலை குனிந்தார்.

நான் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து, "இதற்கு மேல் சொல்லாதே, எழுது" என்றேன். "எழுதி மடித்து வை. வேலை தருகிறவர்களுக்கு நீ கேள்விகளைக் காட்டலாம். எந்தப் பதிலுக்கு எத்தனை புள்ளி என்பதை மட்டும் காட்டாதே."

"ஏன்?" என்றாள்.

சொல்லத் தொடங்கினேன். அவர் இன்னும் அங்கேயேதான் நின்றார். அவளை எழுப்பி, மண்டபத்துக்கு வெளியே, வெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.